திருத்தமும் காரணமும் கோரும் சரி–தவறு வினாக்கள்: கொங்கு வட்டார வழக்குச் சொற்களின் புணர்ச்சியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கூற்றைத் தந்து அது சரியா தவறா எனக் கேட்பதோடு நில்லாமல், தவறாயின் திருத்தி எழுதவும் அதற்குரிய காரணத்தைச் சுருங்கக் கூறவும் பணிக்கும் வினாவகை இலக்கணத் தேர்வுகளில் இடம்பெற்று வருகிறது. இவ்வகை வினாவின் பயன் கூற்றின் தவறு ஓரிடத்தில் மட்டும் அமைந்திருப்பதைப் பொறுத்தது என்பதை இக்கட்டுரை பொள்ளாச்சி வட்டாரத்தில் வழங்கும் மாட்டுச்சந்தை, கிணத்துக்கடவு, முரட்டுக்காளை முதலிய சொற்களின் புணர்ச்சியைக் கொண்டு ஆராய்கிறது. கூற்றை அமைத்தல், விடைகளை வகைப்படுத்தல், மதிப்பெண் பகிர்தல் ஆகியன விளக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: சரி–தவறு வினா, திருத்தம், காரணம், குற்றியலுகரப் புணர்ச்சி, ஒற்று இரட்டல், அத்துச் சாரியை, கொங்கு வழக்கு.

முன்னுரை

சரி–தவறு வினாவின் மேல் நெடுங்காலமாகச் சாட்டப்படும் குறை ஒன்றுண்டு. பாடத்தைத் திறந்தும் பாராத மாணவர் பத்து வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையெழுதினாலும், ஐந்தோ அதற்கு மேலோ சரியாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 62 ஆகும். தேர்ச்சி எல்லை 35 விழுக்காடு எனக் கொண்டால் பத்தில் நான்கு சரியானால் போதும். அந்நிலையில் வாய்ப்பு 83ஐ நெருங்குகிறது. அமெரிக்கக் கல்வி அளவீட்டு அறிஞர் இராபர்ட் ஈபல் 1970இல் இவ்வினாவகைக்கு ஆதரவாக வாதிட்டார். வினாக்களின் எண்ணிக்கை கூடக்கூட ஊகத்தின் ஆற்றல் குறைந்துவிடும் என்பது இவ்வகையை ஆதரிப்போர் தரும் விடைகளுள் ஒன்று. ஆயின் ஒரு வகுப்புத் தேர்வில் இலக்கணத்துக்குக் கிடைக்கும் இடம் பத்து வினாக்கள் அளவினதே. ஆதலின் வேறொரு வழி வேண்டப்படுகிறது. திருத்தத்தையும் காரணத்தையும் சேர்த்துக் கேட்பது அவ்வழியாகும்.

தமிழ் மரபுக்கு இது முற்றிலும் புதிதன்று. கொங்கு நாட்டோடு இணைத்துப் பேசப்பெறும் பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதங்களைத் தொகுத்துரைக்கிறார். பிறர் கருத்தை உடன்படுதல், மறுத்தல் ஆகிய இரண்டையும் கூறியதோடு அமையாது, பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின் களைதலையும் தனி மதமாக வைத்துள்ளார். மறுத்தல் வேறு, ஏற்றுக்கொண்டு பிழைபட்ட இடத்தைக் கண்டு களைதல் வேறு என்னும் இவ்வேறுபாடு, ‘தவறு’ என எழுதுவதற்கும் திருத்தி எழுதுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒத்தது. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. பாயிரம் நூலாசிரியனுக்குரியது, தேர்வு மாணாக்கனுக்குரியது.

மறுப்பும் திருத்தமும்

‘ஆழியாறு என்னும் பெயரில் வகர உடம்படுமெய் வந்துள்ளது’ என்பது ஓர் எளிய தவறான கூற்று. இதற்கு ‘ஆழியாறு என்னும் பெயரில் வகர உடம்படுமெய் வரவில்லை’ என ஒரு மாணவர் எழுதினால் அவர் எழுதிய தொடர் உண்மையே. எனினும் அது திருத்தமன்று. கூற்றைத் தவறென்று கண்ட அதே ஊகத்தைக் கொண்டே, புதிய அறிவு எதுவுமின்றி, எதிர்மறை விகுதி ஒன்றைச் சேர்த்து அத்தொடரை எழுதிவிடலாம். ‘யகர உடம்படுமெய் வந்துள்ளது’ என எழுதியவரே தவறான சொல்லை அகற்றி அவ்விடத்தில் சரியான சொல்லை அமைத்தவர். நிலைமொழி ஆழி என்பது இகர ஈறு. வருமொழி ஆறு என்பது உயிர்முதல். இகரத்தின் முன் உயிர்வரின் யகரம் தோன்றும் என்பது அதற்குரிய காரணம். ஆகவே வினாவின் அறிவுறுத்தலிலேயே ‘வரவில்லை, அன்று, இல்லை என எதிர்மறையாக்குவது திருத்தமாகக் கொள்ளப்படாது’ என்று குறிப்பது இன்றியமையாதது. அதைக் குறிக்காத வினாத்தாளில் எதிர்மறை எழுதியவருக்கு மதிப்பெண் மறுப்பது நேர்மையாகாது.

ஆழியாற்றுக் கூற்று நன்கமைந்ததற்குக் காரணம், அதில் தவறு ஒரே சொல்லில் நிற்பதாகும். ‘வகர’ என்பதை மாற்றினால் கூற்று முழுதும் சரியாகிவிடும். ஆயினும் ஒரு வாயில் இங்கும் திறந்தே இருக்கிறது. ‘பூவரும்பு என்னும் சொல்லில் வகர உடம்படுமெய் வந்துள்ளது’ என எடுத்துக்காட்டை மாற்றி ஒருவர் திருத்தினால் அதுவும் உண்மைக் கூற்றே. ஆழியாற்றைப் பற்றி அம்மாணவர் எதுவும் அறிந்திருக்க வேண்டியதில்லை. இதனைத் தடுக்க எளிய வழி, மாற்றக்கூடாத பகுதிக்கு அடிக்கோடிடுவது. மாற்ற வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடிடும் வழக்கமும் உண்டு. ஆனால் அது பிழையிருக்கும் இடத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இலக்கணத்தில் பிழையின் இடத்தைக் காண்பதே பாதி அறிவு. அதனால் ‘ஆழியாறு என்னும் பெயரில்’ என்பதற்கு அடிக்கோடிட்டு எஞ்சியதைத் திறந்துவிடுவதே மேலானது.

ஒற்று இரட்டலும் ‘மட்டும்’ என்னும் சொல்லும்

இனிச் சற்றே சிக்கலான ஒரு விதியை எடுத்துக்கொள்ளலாம். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களுள் டு, று என முடிவன வேற்றுமைப் புணர்ச்சியில் தம் ஒற்று இரட்டும் என்பது நன்னூல் உயிரீற்றுப் புணரியலின் விதி (நூற்பா 183). பொள்ளாச்சியில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. மாடு + சந்தை = மாட்டுச்சந்தை. மாடு என்பது நெடில்தொடர்; ‘மாட்டிற்குரிய சந்தை’ எனவோ ‘மாட்டை விற்கும் சந்தை’ எனவோ வேற்றுமைப்பொருள் விரியும்; டகர ஒற்று இரட்டி, அதன்பின் வருமொழி வல்லினமும் மிகுந்தது. கோவையின் ஆற்றுப்பாலமும் அவ்வாறே: ஆறு + பாலம். ஆட்டுக்கறி, சோற்றுப்பானை என வீட்டுச் சொற்களும் வரிசையில் நிற்கும்.

இவ்விதியைச் சோதிக்க வினா அமைப்போர் பெரிதும் எழுதக்கூடிய கூற்று, ‘டு, று ஈற்று நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்கள் வேற்றுமையில் மட்டும் ஒற்று இரட்டும்’ என்பது. விடைக்குறிப்பில் இது ‘சரி’ என்று இருக்கும். பாடநூல் எளிமைக்கு இது பொருந்தும். ஆனால் கூற்று உண்மையன்று. முரடு + காளை என்பது முரட்டுக்காளை ஆகிறது. முரடாகிய காளை எனப் பண்புத்தொகையாய் விரியும் இது அல்வழி. குருட்டுக்கோழி என உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டும் இவ்வகையதே. நூற்பாவில் ‘மிக’ என்னும் பொருள்படும் சொல் நிற்பதைக் கொண்டு உரையாளர்கள் இத்தகையவற்றை அடக்கிக்காட்டினர். அதே சொல்லைக் கொண்டே எருது + கால் = எருத்துக்கால் எனத் துகர ஈறும் இரட்டுவதைக் கூறினர். ஆகவே ‘டு, று மட்டும்’ என்றாலும் பிழை, ‘வேற்றுமையில் மட்டும்’ என்றாலும் பிழை. முரட்டுக்காளையை அறிந்த மாணவர் ‘தவறு’ என எழுதி, காரணமும் காட்டினால், விடைக்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் மதிப்பீட்டாளர் அவருக்குச் சுழியம் வழங்க நேரிடும். தனிச் சரி–தவறு வினாவில் இந்தத் தீங்கு கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும். காரணம் கேட்கப்பட்டதால் விடைக்குறிப்பின் பிழை மாணவரின் எழுத்தில் வெளிப்படுகிறது. இவ்வினாவகையின் நன்மைகளுள் இதுவே முதன்மையானது எனலாம். மாணவரை அளப்பதோடு வினா அமைத்தவரையும் அது அளந்துவிடுகிறது.

மறுபுறம், ‘மட்டும்’, ‘எப்போதும்’, ‘எல்லா’ என்னும் சொற்கள் வந்தாலே கூற்று தவறு என்னும் தேர்வுத் தந்திரமும் மாணவரிடையே உண்டு. புறனடை இல்லாத விதி அரிதாகிய இலக்கணத்தில் இத்தந்திரம் மிகுதியும் பலிக்கும். அதனைத் தளர்த்த, அத்தகைய சொற்களைக் கொண்ட உண்மைக் கூற்றுகள் சிலவற்றையும் இடையிடையே வைக்க வேண்டும். ‘வல்லின மெய்களில் எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாகாது’ என்பது அத்தகைய ஒன்று.

கிணத்துக்கடவும் குளத்துப்பாளையமும்

பொள்ளாச்சியிலிருந்து கோவை செல்லும் வழியில் உள்ளது கிணத்துக்கடவு. குளத்துப்பாளையம் என்னும் பெயரோ கொங்குப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு வழங்குகிறது. இரண்டையும் இணைத்து ஒரு கூற்றை அமைக்கலாம்:

‘கிணத்துக்கடவு, குளத்துப்பாளையம் ஆகிய இரு பெயர்களின் இடையிலும் உள்ள ‘த்து’ அத்துச் சாரியையே.’

இது தவறான கூற்று. குளத்துப்பாளையத்தில் நிலைமொழி குளம்; மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்து, சாரியையின் முதல் அகரம் நிலைமொழி அகரத்தின் முன் கெட்டது. கிணத்துக்கடவிலோ நிலைமொழி கிணறு. அது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். றகர ஒற்று இரட்டிக் கிணற்றுக்கடவு ஆகி, பேச்சு வழக்கில் ‘ற்று’ என்பது ‘த்து’ எனத் திரிந்தது. காற்று காத்து என்றும், சோற்றுப்பானை சோத்துப்பானை என்றும், ஆற்றுப்பாலம் ஆத்துப்பாலம் என்றும் வழங்குவதில் இதே திரிபு காணப்படுகிறது. மேற்பரப்பில் ஒன்றாய்த் தோன்றும் ஓசைக்கு அடியில் இரு வேறு புணர்ச்சிகள் உள்ளன என்பதைக் காண வைப்பதே வினாவின் நோக்கம்.

இதற்கு வரக்கூடிய விடைகளை நான்கு வகையாக எண்ணிப் பார்க்கலாம். முதல்வகை: ‘தவறு. இரண்டிலும் இருப்பது அத்துச் சாரியை அன்று.’ தீர்ப்பு சரி, திருத்தம் பிழை. குளத்துப்பாளையத்தில் அத்து உண்டு என்பதை இவர் அறியவில்லை. தனிச் சரி–தவறு வினாவாயிருப்பின் இவருக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

இரண்டாம் வகை: ‘தவறு. குளத்துப்பாளையத்தில் மட்டும் அத்துச் சாரியை உள்ளது. ஏனெனில் கிணத்துக்கடவில் அத்துச் சாரியை இல்லை.’ திருத்தம் சரியே. காரணம் என எழுதப்பட்டது திருத்தத்தின் மறுபுறமேயன்றிக் காரணமன்று. விடைத்தாள்களில் பிரித்தறிவதற்கு மிகக் கடினமானது இவ்வகை. ‘ஏனெனில்’ என்னும் சொல் மதிப்பீட்டாளரின் கண்ணை மறைத்துவிடும். இதைக் கண்டறிய ஒரு வழியுண்டு. ‘ஏனெனில்’ என்பதற்குப் பின்வரும் தொடரை மட்டும் தனியே படித்துப் பார்க்க வேண்டும். திருத்தத்தில் இல்லாத புதிய செய்தி, அதாவது நிலைமொழி இன்னது, அதன் ஈறு இன்னது, விதி இன்னது என ஒன்றேனும், அதில் உள்ளதா என நோக்கினால் தெளிவாகும்.

மூன்றாம் வகை: ‘தவறு. கிணத்துக்கடவில் உள்ளது கிணறு என்பதன் றகரம் இரட்டித்துப் பேச்சில் திரிந்த வடிவம். சோறு, சோற்றுப்பானை, சோத்துப்பானை என்பது போல. குளம் மகர ஈறு ஆதலின் அத்துப் பெறும்.’ விதியின் பெயரையோ நூற்பா எண்ணையோ இவர் கூறவில்லை. எனினும் ஒத்த எடுத்துக்காட்டைத் தாமே தேடிக் கொணர்ந்ததால் விதியை உணர்ந்திருப்பது உறுதி. இவ்விடைக்கு முழு மதிப்பெண் உரியது. நூற்பாவை மனப்பாடமாக எழுதி, அதனை இச்சொல்லோடு பொருத்தாதவருக்கு அது உரியதன்று.

நான்காம் வகை: ‘சரி. மரம், மரத்துக்கிளை என்பது போல இரண்டிலும் அத்து வந்தது.’ தீர்ப்பு பிழை. ஆயின் இம்மாணவருக்கு அத்துச் சாரியை எங்கே வரும் என்பது தெரியும். கிணறு என்னும் நிலைமொழியை அவர் மீட்டுக்கொள்ளவில்லை. மதிப்பெண் பெறாவிடினும், அவருக்குக் கற்பிக்க வேண்டியது என்ன என்பது ஆசிரியருக்கு இதனால் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது. முதல்வகை மாணவரோடு இவரை ஒப்பிட்டால், தீர்ப்பைப் பிழையாக எழுதியவரே இலக்கணத்தைக் கூடுதலாக அறிந்தவர் என்பதும் புலனாகும்.

மதிப்பெண் பகிர்வு

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மதிப்பெண் பகிர்வுக்கு ஒரு நெறி கிடைக்கிறது. தீர்ப்புக்கெனத் தனி மதிப்பெண் ஒதுக்கினால் ஊகத்தின் வாயில் மீண்டும் திறக்கிறது. வினா ஒன்றுக்கு 3 மதிப்பெண் எனக் கொண்டால், திருத்தத்திற்கு 1, காரணத்திற்கு 2 என வகுத்து, தீர்ப்பைத் திருத்தத்துக்குள் அடக்கிவிடலாம். காரணத்தின் இரண்டுள் ஒன்று நிலைமொழியையும் அதன் ஈற்றையும் சரியாகக் கண்டதற்கு. மற்றொன்று விதியை அச்சொல்லோடு பொருத்தியதற்கு. இப்பகிர்வில் முதல்வகை விடை 0, இரண்டாம் வகை 1, மூன்றாம் வகை 3 பெறும்.

உண்மைக் கூற்றுகளுக்கு என்ன செய்வது என்னும் கேள்வி எஞ்சுகிறது. ‘தவறாயின் திருத்திக் காரணம் கூறுக’ என்னும் வழக்கமான அறிவுறுத்தல் உண்மைக் கூற்றை எளிய கூற்றாக்கிவிடுகிறது. ‘சரி’ என ஒரு சொல் எழுதி நகர்ந்துவிடலாம். ஐயமுள்ள இடங்களிலெல்லாம், எழுதும் உழைப்பை மிச்சப்படுத்த, ‘சரி’ என்றே எழுதும் பழக்கமும் இதனால் வளரும். எனவே சரியான கூற்றுக்கும் காரணம் கேட்கப்பட வேண்டும். ‘முரட்டுக்காளை என்பதில் அல்வழிப் புணர்ச்சியிலும் ஒற்று இரட்டியுள்ளது’ என்னும் உண்மைக் கூற்றுக்கு, முரடாகிய காளை என விரித்து இது பண்புத்தொகை எனக் காட்டுவதே காரணமாகும். திருத்தத்திற்குரிய 1 மதிப்பெண்ணுக்கு ஈடாக, அதே விதிக்குக் கூற்றில் இல்லாத வேறோர் எடுத்துக்காட்டை எழுதச் சொல்லலாம்.

காரணத்தின் நீளத்துக்கும் வரம்பு வேண்டும். இரண்டு தொடர் போதும். வரம்பில்லையெனில் தெரிந்த நூற்பா அனைத்தையும் கொட்டிவைக்கும் விடைகள் வரும்; அவற்றுள் எங்கோ ஒரு மூலையில் சரியான செய்தியும் இருக்கும். அதற்கு மதிப்பெண் இடுவதா விடுவதா என்பதில் மதிப்பீட்டாளர் இருவர் ஒருபோதும் உடன்படமாட்டார்.

கூற்றாக்கக் கூடாதவை

எல்லாச் செய்தியையும் இவ்வினாவகைக்குள் கொணர இயலாது. ‘சார்பெழுத்துகள் மூன்று’ என்னும் கூற்று தொல்காப்பியத்தின்படி சரி. பத்து எனக் கொள்ளும் நன்னூலின்படி தவறு. நூற்பெயரைக் கூற்றில் சேர்த்தாலன்றி இவ்வினாவுக்கு விடையில்லை. சேர்த்துவிட்டால், ‘நன்னூலின்படி’ என்பதைத் ‘தொல்காப்பியத்தின்படி’ என மாற்றித் திருத்துவதும் ஏற்கத்தக்கதே. அதனையும் விடைக்குறிப்பில் முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களில் இடர் இன்னும் மிகுதி. டாப்சிலிப் செல்லும் வழியிலுள்ள சேத்துமடையைக் கிணத்துக்கடவின் வழியிலேயே சேறு + மடை எனப் பிரித்துவிடலாம். சேற்றுமடை, சேத்துமடை என விதியும் இடங்கொடுக்கும். ஆனால் விதி இடங்கொடுப்பது ஒன்று, ஊர்ப்பெயர் அவ்வாறுதான் தோன்றியது என்பது மற்றொன்று. பின்னதற்குக் கல்வெட்டோ பழைய ஆவணமோ சான்றாக வேண்டும். பொள்ளாச்சி என்பது பொழில்வாய்ச்சி என்பதன் திரிபு எனச் சொல்லப்படுவதும் இத்தகையதே. இவற்றைச் ‘சரியா தவறா’ எனக் கேட்டால், மாணவர் தம் ஊரில் கேட்டறிந்த கதையைக் காரணமாக எழுதுவார். அதை மறுக்க மதிப்பீட்டாளரிடம் வேறொரு கதைதான் இருக்கும். இத்தகைய பெயர்களை ‘சேறு என்பதை நிலைமொழியாகக் கொண்டால்’ என்னும் அடையோடு தொடங்கும் கூற்றாக மட்டுமே அமைக்கலாம். அப்போது சோதிக்கப்படுவது புணர்ச்சி விதியே தவிர ஊரின் வரலாறன்று. கிணத்துக்கடவுக்கும் இவ்வடை பொருந்தும். அதனை மேற்காட்டிய கூற்றில் வெளிப்படையாக எழுதினால் கிணறு என்னும் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ‘இன்று வழங்கும் பொருளில்’ என்னும் தொடரைச் சேர்ப்பது தகும்.